வரியின் வாலில் ஒரு ‘மா’

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண், திருநெல்வேலிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாமியாருக்கு ஆங்கில எழுத்து தெரியும், பேச வராது. மருமகளுக்குத் தமிழே தெரியாது. இருவருக்கும் நடுவில் நிற்பவள் நாத்தனார். அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்புவதை ஆங்கிலமாக்கி அண்ணிக்கும், அண்ணி அனுப்புவதைத் தமிழாக்கி அம்மாவுக்கும் தருவது அவள் பொறுப்பு. மருமகள் முதல்முறையாக ஊருக்குக் கிளம்பும் வியாழக்கிழமை இரவு, அம்மாவிடமிருந்து மூன்று வரிகள் வருகின்றன.

```
saptiya ma?
en phone edukala
vali theriyalana call pannu.. paathu vaa ma 🙏
```

தமிழ்நாட்டில் யாருக்கும் இதில் குழப்பம் இருக்காது. ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் லீட்ஸில் போய் விழுவது இதுதான்:

```
Ate, mother?
My phone didn't take
If you don't feel pain, call. Look and come, mother 🙏
```

மாமியார் எதற்காகத் தன்னை அம்மா என்று கூப்பிடுகிறார்? வலி தெரியாவிட்டால் எதற்குப் போன் செய்ய வேண்டும்? வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெயர்ப்பில் எந்தச் சொல்லுக்கும் அகராதி மறுப்பு சொல்லாது. ‘vali’ வலியாகவும் இருக்கலாம், ‘en’ என்பது ‘என்’ ஆகவும் இருக்கலாம். பிழை அகராதிக்கு வெளியே நடந்திருக்கிறது.

முதல் சிக்கல் எழுத்தில் இருக்கிறது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் பழக்கம் சோம்பலால் மட்டும் வந்ததல்ல. 1992 டிசம்பரில் உலகின் முதல் எஸ்எம்எஸ் அனுப்பப்பட்டது. அந்தத் தொழில்நுட்பத்தில் ஒரு செய்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் 140 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் அதற்குள் 160 எழுத்துகள் அடங்கின. தமிழில் அனுப்பினால் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும். ஆகவே இடம் 70 குறிகளாகச் சுருங்கியது. அதிலும் தமிழில் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள். ‘வணக்கம்’ என்று எழுதினால் நம் கண்ணுக்கு 5 எழுத்து, போனுக்கு 7 குறி. இரண்டு வாக்கியம் எழுதுவதற்குள் அடுத்த செய்திக்கும் காசு போய்விடும். பழைய போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே கிடையாது. அப்படிப் பழகிய விரல்கள், கட்டுப்பாடு போன பிறகும் ‘saptiya’ என்றே தட்டுகின்றன.

ஆங்கில எழுத்தில் குறில் நெடில் வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போகிறது. ல, ள, ழ மூன்றும் அடிக்கடி ஒன்றாகிவிடுகின்றன. ‘poi sollatha’ என்றால் பொய் சொல்லாதே என்றும் கொள்ளலாம், போய்ச் சொல்லாதே என்றும் கொள்ளலாம். இரண்டில் எது என்று அந்த வரியை மட்டும் முறைத்துப் பார்த்தால் தெரியாது. முதலில் வாய்விட்டுப் படிக்க வேண்டும், பிறகு அக்கம்பக்கத்து வரிகளைப் பார்க்க வேண்டும்.

நாத்தனார் செய்வதும் அதுதான். ‘en phone edukala’ என்ற வரிக்கு நேர் மேலே, அண்ணிக்கு அம்மா போட்ட அழைப்பு எடுக்கப்படாமல் போனதன் அடையாளம் அம்மாவின் போனில் இருக்கிறது. ஆக, ‘என்’ இல்லை, ‘ஏன்’. ‘vali’க்குப் பக்கத்தில் ‘paathu vaa’ இருக்கிறது, பயணம் இருக்கிறது, அது வழி. பேச்சுவழக்கில் ழகரம் எல்லார் நாவிலும் ஒரே மாதிரி வருவதில்லை, எழுதும்போது ‘vazhi’ என்று போடுவோரும் உண்டு, ‘vali’ என்று போடுவோரும் உண்டு. ஒரே ஆள் எப்படி எழுதுவார் என்பது பழைய செய்திகளைப் புரட்டினால் தெரிந்துவிடும். அம்மா ‘pazham’ என்று எழுதுகிறவரா, ‘palam’ என்று எழுதுகிறவரா என்று பார்த்தாலே ‘vali’ பாதி விளங்கிவிடும்.

எழுத்து தெளிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ‘மா’வை என்ன செய்வது?

தமிழ்ப் பேச்சில் ஒரு வாக்கியத்தின் தொனியை அதன் வால் சொல்கிறது. ‘வா’ என்பது கட்டளை. ‘வாம்மா’ என்பது அழைப்பு. ‘வாடா’ நண்பனுக்கு, ‘வாப்பா’ கொஞ்சம் கெஞ்சலுக்கு, ‘வாயேன்’ தயக்கத்தோடு கேட்பதற்கு. முகத்தைப் பார்க்க முடியாத இடத்திலும் இந்த ஓரெழுத்துச் சொற்கள் குரலைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன. அதனால்தான் தட்டச்சில் வாக்கியத்தையே சுருக்குகிறவர்கள்கூட ‘ma’வையும் ‘da’வையும் விடுவதில்லை.

ஆங்கிலத்தில் இப்படி ஒட்டிக்கொள்ளும் வால் கிடையாது. ‘மேட்’, ‘டியர்’ மாதிரி விளிச்சொற்கள் உண்டு என்றாலும், தமிழில் போல வரிக்கு வரி வருவதில்லை. பேசும்போது குரல் செய்யும் வேலையை, தட்டச்சில் வேறு ஏதாவது செய்தாக வேண்டும். ஆங்கிலக்காரர்கள் வரியின் கடைசியில் ‘lol’ போடுவதும், ‘haha’ போடுவதும், பிரிட்டனில் ஒற்றை ‘x’ போடுவதும், எமோஜி வைப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தை நிரப்பத்தான். தமிழின் ‘மா’வும் ஆங்கிலத்தின் ‘lol’லும் வேறு வேறு சாதிச் சொற்கள். ஆனால் வரியில் அவை உட்காரும் இடமும் ஒன்று, செய்யும் வேலையும் பல நேரம் ஒன்று. இது பிடிபட்டுவிட்டால், ‘மா’வுக்கு ஆங்கிலச் சொல் தேடுவதை நாத்தனார் நிறுத்திவிடலாம். ‘மா’ எந்த வேலையைச் செய்கிறது, அந்த வேலையை அங்கே எது செய்யும் என்று மட்டும் தேடினால் போதும்.

லீட்ஸ் இருக்கும் யார்க்ஷயர் வட்டாரத்தில் கடைக்காரரும் பேருந்து ஓட்டுநரும்கூட எதிரில் இருப்பவரை ‘லவ்’ என்று சர்வசாதாரணமாகக் கூப்பிடுவார்கள். பெரியவர் ஒருவர் இளையவளைப் பாசமாக விளிக்க அது அப்படியே பொருந்துகிறது. லண்டன் அலுவலகத்துத் தோழிக்கு அனுப்பும் செய்தி என்றால் இது ஒட்டாது. அங்கே ஓர் ‘x’ போதும்.

‘saptiya’வை ‘நீ சாப்பிட்டாயா’ என்று அப்படியே கேட்கலாம். ‘மா’ சரியாகப் போய்ச் சேர்ந்தால் அது அக்கறை என்பது மருமகளுக்குப் புரிந்துவிடும். ‘ஏன் போன் எடுக்கல’ அப்படி இல்லை. தமிழில் அது கவலை. ஆங்கிலத்தில் ‘ஏன்’ என்று தொடங்கினால் மாமியார் கணக்குக் கேட்பதுபோல் ஆகிவிடும். ஆகவே கேள்வியை விட்டுவிட்டுக் கவலையை எடுத்துக்கொள்கிறாள் நாத்தனார்.

மூன்றாம் வரியில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. நம் ஊரில் ஒரு தலைமுறை, முற்றுப்புள்ளி வைக்கும் இடத்திலெல்லாம் இரண்டோ மூன்றோ புள்ளி வைக்கும். மூச்சு விட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகிறார்கள் என்பதைத் தவிர அதற்குப் பொருள் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் இளையவர்கள் அதை மனத்தாங்கலாகவோ சொல்லாமல் விட்ட குறையாகவோ படிப்பார்கள். அதை எடுத்துவிட வேண்டியதுதான்.

🙏 இன்னும் நுணுக்கமானது. யூனிகோட் இதற்கு வைத்த பெயர் கைகூப்பிய மனிதர் என்பதுதான். எதற்காகக் கூப்பினார் என்று அது சொல்வதில்லை. தமிழ்நாட்டில் இது வணக்கம், நன்றி, மன்னிப்பு, அஞ்சலி எல்லாமாகவும் வரும். ஆங்கிலம் பேசுவோர் சிலர் இதைப் பிரார்த்தனையாகவும், சிலர் ‘தயவுசெய்து’ என்றும், சிலர் இருவர் கையடித்துக்கொள்வதாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே எது? யார் யாருக்கு அனுப்புகிறார் என்பதில் விடை இருக்கிறது. மாமியார் மருமகளைக் கும்பிட மாட்டார். கும்பிடு சாமிக்கு, நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்ற வேண்டுதல் அது. இதே 🙏 மருமகளிடமிருந்து மாமியாருக்கு வந்திருந்தால் வணக்கமோ நன்றியோ ஆகியிருக்கும். நாத்தனார் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பொருளைச் சொல்லாகவும் சேர்க்கிறாள். லீட்ஸுக்குப் போவது இது:

```
Have you eaten, love?
Tried ringing you but couldn't get through, all ok?
If you get lost just call me. Safe journey love, praying you get here fine 🙏
```

அம்மா பன்னிரண்டு சொல்லில் சொன்னதற்கு இருபத்தெட்டு சொல் ஆகியிருக்கிறது. சுருக்கத்தைச் சுருக்கமாகவே பெயர்க்க வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே உதவாது. அம்மா சுருக்கமாக எழுதியது அவசரத்துக்காக அல்ல. மீதியைப் படிப்பவர் நிரப்பிக்கொள்வார் என்ற நம்பிக்கையில். அப்படி நிரப்ப லீட்ஸ் பெண்ணுக்கு இன்னும் வழி இல்லை.

சில மணி நேரம் கழித்துப் பதில் வருகிறது. லீட்ஸில் அப்போது வியாழன் இரவு ஏழு மணி, குளிர்காலம்.

```
omg just seen this, phone was on silent lol
landing 6ish tmrw x
cant wait for ur fish curry 😭😭💀
```

சுருக்கெழுத்துகளில் ‘omg’ வயதில் மூத்தது. 1917இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் பிரபு வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே அது இருக்கிறது. விரித்தால் கடவுளைக் கூப்பிடும் தொடர்தான். ஆனால் ‘கடவுளே’ என்று பெயர்த்தால் அம்மா பதறிப்போவார். இங்கே அது சின்னப் பதற்றம் கலந்த வருத்தம், ‘அச்சச்சோ’ போதும்.

‘lol’ அதைவிட வழுக்கும். பிரிட்டனின் பிரதமராக இருந்த டேவிட் கேமரன்கூட அதில் சறுக்கியிருக்கிறார். பத்திரிகை நிர்வாகி ரெபெக்கா புரூக்ஸுக்கு அனுப்பிய செய்திகளில், ‘மிகுந்த அன்புடன்’ என்ற பொருளில் சில நேரம் அதைப் போட்டிருக்கிறார். வாய்விட்டுச் சிரிப்பதைத்தான் அது குறிக்கும் என்று புரூக்ஸ் சொன்ன பிறகு நிறுத்திக்கொண்டார். 2012இல் லெவசன் விசாரணையில் புரூக்ஸே இதைத் தெரிவித்தார். இப்போது அது அந்தச் சிரிப்பிலிருந்தும் நகர்ந்துவிட்டது. போன் சைலன்ட்டில் கிடந்ததில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்த ‘lol’ சொல்வது, ‘வேண்டுமென்று செய்யவில்லை, தப்பா நினைக்காதீங்க’ என்பதை. அதை ‘ஹாஹா’ என்று தமிழில் போட்டால் மாமியாரின் கவலையைப் பார்த்து மருமகள் சிரித்ததாக ஆகிவிடும். இது ‘lol’ஆ சிரிப்பா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. அதை எடுத்துவிட்டு வரியைப் படிக்க வேண்டும். வரி வேடிக்கையாகவே இருந்தால் அது சிரிப்பு. வரி வெடுக்கென்று மாறினால் அது குழைவு.

குழைவுக்குத் தமிழில் தனிச் சொல் தேட வேண்டியதில்லை, ‘அத்தை’ இருக்கிறது. ‘போன் சைலன்ட்ல இருந்துச்சு’ என்பது வெறும் தகவல். ‘போன் சைலன்ட்ல இருந்துச்சு அத்தை’ என்றால் தகவலோடு மன்னிப்பும் வருகிறது.

‘x’ முத்தத்தைக் குறிப்பதுதான். பிரிட்டனில், குறிப்பாகப் பெண்கள், தோழிக்கும் தாய்க்கும் மாமியாருக்கும் எழுதும் வரியின் கடைசியில் அதைப் பழக்கமாகப் போடுவார்கள். அதைப் போய் ‘முத்தம்’ என்று மாற்றினால் திருநெல்வேலி வீட்டில் எல்லாரும் நெளிவார்கள். அதற்கும் ‘அத்தை’தான் சரி.

சின்னதாகத் தெரியும் ‘tmrw’தான் இந்த உரையாடலிலேயே ஆபத்தான சொல். லீட்ஸில் வியாழன் இரவு ஏழு மணி என்றால் இந்தியாவில் நள்ளிரவு தாண்டி 12.30, வெள்ளிக்கிழமை பிறந்துவிட்டது. அம்மா அதை விடிந்ததும்தான் படிப்பார். ‘நாளைக்கு’ என்று எழுதியிருந்தால் சனிக்கிழமை என்று எடுத்துக்கொண்டு மீனே வாங்காமல் இருந்துவிடுவார். ஆகவே கிழமையைச் சொல்லியே தீர வேண்டும்.

‘6ish’ஐ ‘ஆறு மணி வாக்குல’ என்று அழகாகச் சொல்லிவிடலாம். காலையா மாலையா என்பதைத்தான் ஆங்கிலம் சொல்லவில்லை. நாத்தனார் கணக்குப் போடுகிறாள். வெள்ளி காலை ஆறு மணிக்கு இந்தியாவில் இறங்க வேண்டுமானால், இந்தச் செய்தி அனுப்பிய ஐந்தரை மணி நேரத்தில் வந்து சேர வேண்டும். லண்டனிலிருந்து சென்னைக்கு நேர் விமானமே ஏறக்குறைய பத்து மணி நேரம் எடுக்கும். ஆக, சாயங்காலம். இப்படிக் கணக்கில் பிடிபடாதபோது ஊகிக்கக் கூடாது, அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது வரியில் அழுகை இரண்டும் மண்டையோடு ஒன்றும். இளையவர்களின் ஆங்கிலத்தில் 😭 பெரும்பாலும் அழுகை இல்லை, தாங்க முடியாத உணர்ச்சி. 💀 என்றால் ‘செத்தேன்’, அதாவது ‘முடியல’. நம் இளைஞர்களும் வடிவேலு மீமுக்கு மண்டையோடு போடுகிறார்கள். ஆனால் பயணம் கிளம்பும் பிள்ளையிடமிருந்து மண்டையோடு வந்தால் அறுபது வயது அம்மாவுக்கு அடிவயிறு கலங்கும். அந்த மிகையுணர்ச்சியைத் தமிழ் வேறு வழியில் சொல்லும், வயிற்றையும் நாக்கையும் கொண்டு. கூடவே ‘ur’ என்பதற்குள் ஒளிந்திருக்கும் மரியாதையையும் வெளியே எடுத்தாக வேண்டும். ஆங்கிலத்தில் அம்மாவுக்கும் நண்பனுக்கும் ஒரே சொல். தமிழில் ‘உன்’னா ‘உங்க’ளா என்று முடிவெடுக்காமல் ஒரு வரிகூட எழுத முடியாது.

நாத்தனார் அம்மாவுக்கு அனுப்புவது:

‘அச்சச்சோ, இப்பதான் பாத்தேன். போன் சைலன்ட்ல இருந்துச்சு அத்தை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வாக்குல வந்து இறங்கிருவேன். உங்க மீன் குழம்ப நெனச்சாலே நாக்குல எச்சில் ஊறுது அத்தை, எப்படா வந்து சாப்பிடுவோம்னு இருக்கு 😋’

மண்டையோடு போய்விட்டது, நாக்கைச் சுழற்றும் முகம் வந்திருக்கிறது. எமோஜி உலகப் பொதுமொழி, அதைத் தொட வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். படம் எல்லார் திரையிலும் வரும் என்பது உண்மை. படிக்கப்படுவது அந்தந்த வீட்டு வழக்கப்படிதான். அதனால் எமோஜியையும் பெயர்க்க வேண்டியிருக்கிறது.

காலையில் அம்மாவின் பதில் வருகிறது.

```
k ma 👍
```

இவ்வளவுதான். இதை அப்படியே அனுப்பினால் என்ன ஆகும்? ஆங்கிலம் பேசும் இளையவர்களிடம் தனியாக நிற்கும் ‘k’ கோபத்தின் அடையாளம். பேச விருப்பமில்லை, விடு என்பதுபோல. அதன் பின்னால் முற்றுப்புள்ளியும் இருந்தால் இன்னும் மோசம். 2015இல் அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களிடம் சோதித்துப் பார்த்ததில், குறுஞ்செய்தியில் ஒற்றைச் சொல் பதிலுக்குப் பிறகு முற்றுப்புள்ளி வைத்தால், வைக்காததைவிட மனதார எழுதாததாகவே அது படிக்கப்பட்டது. நம் ஊரில் ‘k’ என்றால் ‘சரி’, அதற்கு மேல் எதுவும் இல்லை. அதேபோல் ‘mm’ என்றால் இங்கே ‘ம், கேட்டுக்கிட்டிருக்கேன், சொல்லு’. ஆங்கிலத்தில் ‘hmm’ என்று பெயர்த்தால் சந்தேகமாகிவிடும்.

அந்தக் கட்டைவிரலுக்கு என்ன பொருள் என்பதை ஒரு நீதிமன்றமே அலச வேண்டி வந்திருக்கிறது. கனடாவின் சஸ்காட்சுவான் மாநிலத்தில் தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று, ஆளி விதை ஒப்பந்தத்தைப் படம் பிடித்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதிசெய்யச் சொன்னது. அவர் 👍 அனுப்பினார். சரக்கு வரவில்லை. ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்று சொல்லத்தான் அதை அனுப்பினேன் என்றார் விவசாயி. முந்தைய ஒப்பந்தங்களை அவர் ‘ok’, ‘yup’ போன்ற ஒற்றைச் சொற்களாலேயே உறுதிசெய்து சரக்கும் கொடுத்திருக்கிறார் என்பதைப் பார்த்த நீதிபதி, இந்த 👍 சம்மதம்தான் என்று 2023இல் தீர்ப்பளித்தார். விவசாயி 82,000 கனடிய டாலருக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது.

நீதிபதி கையாண்ட முறையைத்தான் நாத்தனாரும் கையாள்கிறாள்: இதே ஆள் இதே குறியை இதற்கு முன் எதற்குப் போட்டார் என்று பார்ப்பது. ஆனால் அங்கிருந்து இருவர் வழியும் பிரிகிறது. வழக்குக்காக உரையாடலைப் பெயர்ப்பவர் 👍ஐ ‘சம்மதம்’ என்று எழுதக் கூடாது. படத்தை அப்படியே வைத்து, ‘கட்டைவிரல் உயர்த்திய படம்’ என்று மட்டும் குறிக்க வேண்டும். மண்டையோட்டை எடுத்துவிட்டு நாக்கைப் போடுவது அங்கே சாட்சியத்தைத் திருத்துவதாகும். ‘நாளை’யைக்கூட வெள்ளிக்கிழமை ஆக்காமல், அனுப்பிய நேரத்தைப் பக்கத்தில் தர வேண்டும். பொருள் சொல்வது நீதிமன்றத்தின் வேலை.

குடும்பத்துக்குள் அந்தப் பொறுப்பு நாத்தனாருடையது. அம்மாவின் பழைய செய்திகளில், மகன் சம்பளம் போட்டதற்கும் 👍, பேரன் நடக்கத் தொடங்கியதற்கும் 👍. அம்மாவுக்கு அது சந்தோஷம். அந்த ‘k’யும் விரலும் லீட்ஸ் பெண்ணிடம் அப்படியே போனால் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக அவள் நினைப்பாள். விமானம் தரையிறங்கியதும் அவள் போனில் முதலில் ஒளிரப்போகும் வரி இது. நாத்தனார் ‘k’யையும் 👍ஐயும் எடுத்துவிடுகிறாள். ‘இன்று சாயங்காலம்’ என்று எழுதப் போய், அவள் படிக்கும்போதே சாயங்காலம் ஆகியிருக்கும் என்று அதையும் விட்டுவிடுகிறாள். முற்றுப்புள்ளி வைக்கவில்லை. மீதி இருப்பது ‘மா’.

```
Lovely, see you soon x
```